பத்தாவது ஷீட்

இல்லை என்று சொல்லத் தெரியாத வீடு அது. யேசுதாஸ் நாசரேத்திலிருந்து வந்து செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். மொழி தெரியாத ஊரில் யார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவர் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார் போலிருக்கிறது. பக்கத்து வீட்டார் ஏணி கேட்டால் ஏணி போகும். சபைக்குப் பாய் கேட்டால் படுத்திருக்கிற பாய் போகும். ஒருமுறை மழைக்காலத்தில் வீட்டில் இருந்த ஒரே குடையை யாருக்கோ கொடுத்துவிட்டுத் தொப்பலாக நனைந்துகொண்டு வந்து நின்றார் மனுஷன். அவர் பெண்டாட்டி ஞானசௌந்தரி தலையில் அடித்துக்கொண்டு, "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இல்லன்னு சொல்லிப் பாருங்களேன், நாக்கு என்ன அழுகியா போகும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்துத் தலை துவட்டினார். அவ்வளவுதான்.

அவர் கட்சிக்கும் நியாயம் இருந்தது. ஏ.எஸ்.ராவ் நகரில் இந்த வாடகை வீட்டைப் பிடித்துக் கொடுத்தது அடுத்த வீட்டு வேணுகோபால். யேசுதாஸ் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே வேறு செக்ஷனில் சூப்பர்வைசர், ராஜமுந்திரிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். ரேஷன் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டது அவர். ஊரெல்லாம் கேஸ் இணைப்புக்கு வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கையில் தன் மச்சானைப் பிடித்து இவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஞானசௌந்தரி ஒவ்வொரு தடவை அடுப்பைப் பற்றவைக்கும்போதும் அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

யேசுதாஸ் வீட்டுப் பெண்தான் ஹில்டா. பெண்கள் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். அப்பாவின் தலையாட்டல் அவளுக்கும் வந்திருந்தது. முகத்துக்கு நேரே ஒருத்தர் கேட்டால் உதடு முடியாது என்று சொல்வதற்குள் தலை சரி என்று ஆடிவிடும். அப்புறம் தனியாக உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொள்வாள்.

யேசுதாஸுக்குக் கம்பெனியில் டிரேசர் வேலை. இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுத் தருகிற படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, கோடு பிசகாமல் இங்க் பேனாவால் நகல் எடுக்க வேண்டும். அந்த டிரேசிங்கை அம்மோனியா மெஷினில் விட்டால் ஊதாக் கோட்டோடு எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் வரும். வருஷக்கணக்காக அந்த மெஷின் பக்கத்தில் நின்று அவர் சட்டை, தலைமுடி, சாப்பாட்டுப் பை எல்லாம் அம்மோனியா வாடை ஏறிக் கிடந்தது. அவர் கேட்டைத் திறக்கும் முன்னே வாடை வாசலுக்கு வந்துவிடும். ஹில்டாவுக்குச் சின்ன வயசில் அப்பா என்றால் அந்த நெடிதான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள்.

அப்பா அடுத்தவர் போட்ட படத்தையே ஆயுசு முழுக்க நகல் எடுத்தவர். அவளுக்கு அப்படி இருக்க இஷ்டமில்லை. படத்தின் மூலையில் சின்னக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்று ஒரு இடம் இருக்குமே, அதில் தன் பேர் வர வேண்டும் என்று ஆசை. அதற்கு வழியும் வந்தது. உப்பலில் பம்பு செய்கிற ஒரு கம்பெனி, டிராயிங்கில் செஷனல் மார்க்கு, அதாவது வருஷம் முழுக்கப் போடுகிற ஷீட்டுகளின் மார்க்கு அதிகமுள்ள இரண்டு பெண்களை டிராயிங் ஆபீஸில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. பயிற்சி முடிந்தால் பெரும்பாலும் வேலை. ஒன்பது ஷீட் முடிந்த நிலையில் ஹில்டா இரண்டாவது. மூன்றாவதாக இருந்தவள் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். பத்தாவது ஷீட்டோடு மார்க்குப் பட்டியல் மூடிவிடும்.

அந்தப் பத்தாவது ஷீட் இருக்கிறதே, அது வகுப்பையே அழவைத்தது. நட்டமாக நிற்கிற ஒரு பெரிய குழாய். அதைப் பக்கவாட்டில் துளைத்துக்கொண்டு போகிற ஒரு சின்னக் குழாய். நேர் நடுவில் துளைத்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் ஓரமாக ஒதுங்கித் துளைக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு வளைகோடு வரும். அந்தக் கோடு எப்படி வளையும் என்று மனசால் சொல்ல முடியாது, புள்ளி புள்ளியாகக் கண்டுபிடிக்க வேண்டும். சின்னக் குழாயின் வட்டத்தைப் பன்னிரண்டு சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோடு இழுத்து, மேல்பார்வைப் படத்தில் அது பெரிய வட்டத்தை எங்கே தொடுகிறது என்று பார்த்து, அங்கிருந்து கீழே முன்பார்வைப் படத்துக்கு இறக்கி, அதன் ஜோடிக் கோட்டோடு வெட்டுகிற இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். எல்லாப் புள்ளியையும் பிரெஞ்ச் கர்வ் என்கிற வளைந்த பட்டையை வைத்து இணைத்தால் வளைகோடு. முன்னால் தெரிகிற பாதி முழுக்கோடு, பின்னால் மறைகிற பாதி விட்டுவிட்டுப் போடும் கோடு. ஒரு புள்ளி நூலளவு தப்பினாலும் வளைவு முடிச்சுப் போட்டுக்கொள்ளும்.

ஹில்டா பன்னிரண்டு பாகம் வைத்துத்தான் முதலில் போட்டாள். முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்புகிற முனையில் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழுந்து, கோடு நொண்டிக்கொண்டு போனது. ஷீட்டைக் கிழித்துப் போட்டாள். அடுத்த ஷீட்டில் வட்டத்தை எட்டாகப் பிரித்து, அதைக் காம்பஸ் வைத்து மறுபடி பாதி பாதியாக்கிப் பதினாறு பாகமாக எடுத்தாள். சார் சொல்லிக் கொடுக்காத வேலை இது. வேலை கூடுதல், ஆனால் முனையில் புள்ளிகள் நெருக்கி விழுந்தன.

ஏப்ரல் மாசத்து ஹைதராபாத். சாயங்காலம் ஆனாலும் சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. ஃபேன் போட்டால் ஷீட் படபடக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும். மணிக்கட்டுக்குக் கீழே கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் போர்டைச் சாய்த்து, அந்த வாரம் முழுக்கக் குனிந்தே கிடந்தாள். 4ஹெச் பென்சிலை உப்புத்தாளில் உளி மாதிரித் தீட்டுவாள், ஒரு கோடு போடுவாள், மறுபடி தீட்டுவாள். அம்மா புளிக்குழம்பைத் தாளிக்கப் போனால், கடுகு தெறிக்கும் என்று அலறுவாள். யேசுதாஸ் வேலைவிட்டு வந்ததும் பின்னால் நின்று பார்ப்பார். வளைகோடு முடிந்த அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க டிசைன் ஆபீஸ்லயே இப்பிடி சுத்தமா போட ஆள் கெடையாது, கேட்டியா" என்றார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் பஸ்ஸில் வினை வந்தது. விஜயகுமாரி, வேணுகோபால் மகள், ஹில்டாவுக்கு அதே வகுப்பு. அவளும் இன்னும் மூன்று பேரும் ஹில்டாவோடு தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். முதலில் ஏறுகிறவள் மற்றவர்களுக்கு இடம் போட்டு வைப்பாள், மத்தியானம் ஒரே வட்டமாக உட்கார்ந்து டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். விஜயகுமாரி கண்ணெல்லாம் வீங்கி வந்திருந்தாள். மூன்று தடவை போட்டும் வளைவு வரவில்லையாம். முடிச்சிட்டியாமே, ஒரே ஒரு ராத்திரி கொடு, கண்ணாடிக்குக் கீழே பல்பை வைத்து எடுத்துவிட்டுக் காலையில் தந்துவிடுகிறோம் என்றாள். மற்ற மூன்று பேரும் ஹில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அந்த ஊர் இந்தியில் கைக்கு, ஏன் இவ்வளவு யோசனை என்று கேட்டுக் கன்னத்தைக் கிள்ளினாள்.

கண்ணாடி வேலை எல்லா காலேஜிலும் நடக்கிறதுதான். இரண்டு ஸ்டூல் மேல் ஒரு கண்ணாடியை வைத்து, கீழே நூறு வாட் பல்பு. கண்ணாடி மேல் அசல் ஷீட், அதன் மேல் வெள்ளை ஷீட். கோடு அப்படியே மேலே தெரியும், கை வலிக்கும் வரை அச்சாகப் போட்டுக்கொண்டே போகலாம். ஹில்டா மூன்றாவது ஷீட்டை இதே விஜயகுமாரிக்கு அப்படிக் கொடுத்துத்தான் மாட்டிக்கொண்டாள். டிராயிங் வாத்தியார் உமாசங்கர் சார் இரண்டிலும் சிவப்பு மையால் 'ரிப்பீட்' என்று எழுதி, கொடுத்தவளும் எடுத்தவளும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். அப்போது திரும்பப் போட நாள் இருந்தது. பத்தாவதுக்கு அது கிடையாது. சிவப்பு மை விழுந்தால் பூஜ்யம்.

இதெல்லாம் அவள் வாயில் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? தலை பாட்டுக்கு ஒரு மாதிரி ஆடியது. அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். பாழாய்ப்போன தலை.

அன்றைக்குச் சாயங்காலம் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, ஒருவழியாக ஒன்று தேறியது. நாலு பேருக்கும் பொதுவான பாஷை என்பதால் இங்கிலீஷில் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அன்புள்ள விஜயாவுக்கும் மற்ற மூவருக்கும். நீங்கள் என் பத்தாவது ஷீட்டைக் கேட்டீர்கள். கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் இதை மட்டும் என்னால் தர முடியாது. பஸ்ஸில் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதற்கு மன்னிக்க வேண்டும். மூன்றாவது ஷீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி நடந்தால் எனக்கு உப்பல் போய்விடும், உங்களுக்கும் மார்க்குப் போய்விடும். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் போர்டோடு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். முதல் புள்ளியிலிருந்து நான் கூடவே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். ஒரே நாளில் முடியும். அம்மா பலகாரம் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். என் மேல் கோபப்படாதீர்கள். பஸ்ஸில் எனக்கு இடம் போட்டு வையுங்கள். ஹில்டா."

காலையில் விஜயகுமாரி கையில் அதைத் திணித்துவிட்டு முன்சீட்டுக்கு ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள். அவர்கள் படித்தார்கள். யாரும் கத்தவில்லை, சண்டை போடவில்லை. ஹவ் ஹவ், ஆமா, சரியாத்தான் எழுதியிருக்கா என்று ஒருத்தி சொன்னதுகூடக் காதில் விழுந்தது. சாயங்காலம் திரும்பும்போது இடமும் போட்டு வைத்திருந்தார்கள். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒருத்தரிடம் முடியாது என்று சொல்லியாகிவிட்டது, தலை கழுத்தில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஞானசௌந்தரி காலையிலேயே பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி முந்திரிக்கொத்து போட்டாள். அந்த வெக்கையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று அவள் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஹில்டா கூடத்தைப் பெருக்கி, பாய் விரித்து, எல்லாருக்கும் பென்சில் தீட்டி வைத்தாள். மத்தியானம் போனது. வெயில் தாழ்ந்தது. கேட் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள், ஒரு தடவை தபால்காரன், ஒரு தடவை எருமை. ஒருத்தியும் வரவில்லை.

"வராட்டி போறாளுவ. நீ எடுத்துத் தின்னு" என்றாள் அம்மா. ஹில்டா தட்டை மூடி வைத்தாள்.

இருட்டுகிற நேரத்தில் வேணுகோபால்தான் வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு யேசுதாஸோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். ஹில்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் சிரித்துச் சிரித்துப் பேசினார், அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். ஞானசௌந்தரி ஒரு தட்டில் முந்திரிக்கொத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இது வழக்கமாக நடக்கிறதுதானே, ஹில்டா அதை மேலே யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அம்மாவும் மகளும் மட்டும் செகந்திராபாத்துக்குப் போனார்கள். யேசுதாஸுக்கு முட்டு வலி. ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டம், அது முடிந்து சாப்பாடு, பஸ் கிடைத்து வீடு வர மத்தியானம் தாண்டிவிட்டது. ஹில்டாவின் ஷீட் பேப்பர் சுற்றி அலமாரி மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. அப்பா முற்றத்தில் பேனா கழுவிக்கொண்டிருந்தார். முட்டு எப்படி இருக்கு என்று கேட்டாள். தேவலை என்றார்.

புதன்கிழமை சமர்ப்பிக்கிற நாள். டிராயிங் ஹாலில் மேஜைக்கு மேஜை ஷீட்டைப் பிரித்து மூலையில் பேர் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயகுமாரி ஹில்டாவின் பக்கத்து மேஜை. பேப்பர் சுருளைப் பிரித்து ஷீட்டை உருவினாள். அவ்வளவுதான், நெடி குப்பென்று வந்தது.

அம்மோனியா. அந்த ஹாலில் வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. கழிப்பறைப் பக்கம் காற்று வீசுகிறதென்று நினைத்திருப்பார்கள். ஹில்டாவுக்கு அப்பா பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எட்டி விஜயகுமாரியின் ஷீட்டைப் பார்த்தாள். பதினாறு பாகம். திரும்பி மற்ற மூன்று மேஜையைப் பார்த்தாள். பதினாறு, பதினாறு, பதினாறு.

விஜயகுமாரி அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்க் கிசுகிசுத்தாள். உனக்குத் தெரியும்னு நினைச்சேன். அங்கிள்தான் டிரேஸ் பண்ணிக் கம்பெனியிலே பிரிண்ட் போட்டு ஆளுக்கு ஒண்ணு கொடுத்தார். நாங்க அதைக் கண்ணாடி மேலே வெச்சு எடுத்தோம். நீதான் மனசு மாறிச் சொல்லி அனுப்பினேன்னு அப்பா சொன்னாரே.

உமாசங்கர் சார் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். மெலிந்த மனுஷர், எதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார், அதுதான் பயம். விஜயகுமாரியின் ஷீட்டைப் பார்த்து, பதினாறா என்று கேட்டார். அடுத்தவளுடையதைப் பார்த்தார். பேசாமல் எழுந்து ஜன்னலைத் திறந்தார். ஒவ்வொரு ஷீட்டாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். விஜயகுமாரி ஷீட்டிலும் மற்ற மூவருடையதிலும் வட்டத்தின் நடுவில் ஒரு காம்பஸ் ஓட்டை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வட்டத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதன் விளிம்பில் ஊசி ஊன்றிய இடம் இருக்க வேண்டும். ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு அளவு மாற்றினால் டிவைடர் குத்திய இடம் இருக்க வேண்டும். கண்ணாடி வேலையில் ஊசிக்கு என்ன வேலை? கடைசியாக ஹில்டாவின் ஷீட்டைப் பிடித்தார். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வழிந்தது.

"இதுதான் அசல். அழகா போட்டிருக்கே" என்றார். அவள் உயிர் ஒரு நிமிஷம் திரும்பி வந்தது. "அப்போ குடுத்தவளும் நீதான்."

எப்பேர்ப்பட்ட அநியாயம் பாருங்கள். அவள் உட்கார்ந்து உழைத்ததற்கு அந்தத் துளைகள்தான் சாட்சி, அந்தச் சாட்சியே அவளைக் காட்டிக் கொடுத்தது. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

விஜயகுமாரி நல்லவள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். அழுதுகொண்டே முன்னால் வந்து, சார், அவள் கொடுக்கவில்லை, மாட்டேனென்று எழுதியே கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். சார் அதை முழுக்கப் படித்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஹில்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தன் கடிதம் தன்னைக் காப்பாற்றுகிறதே என்று.

"ரொம்ப மரியாதையா எழுதியிருக்கே. சந்தோஷம். அப்போ இந்த ஷீட் இவங்களுக்கு எப்படிப் போச்சு?"

விஜயகுமாரி வாயைத் திறந்தாள். அங்கிள் என்று சொல்லப் போகிறாள். கம்பெனி பேப்பர், கம்பெனி மெஷின். கேட்டில் பையைச் சோதிக்கிற இடத்தைத் தாண்டி, மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பார், வேறெப்படி? சபைக்காகக் கம்பெனி மெஷினில் கட்டிட ப்ளான் பிரிண்ட் எடுத்த, அப்பாவோடு வேலை பார்க்கிற ஆரோக்கியசாமியை மாசக்கணக்கில் சஸ்பெண்ட் பண்ணி வைத்த கதையை அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். உமாசங்கர் சாருக்கு அந்தக் கம்பெனி டிசைன் ஆபீஸில் கூடப் படித்தவர்கள் பாதிப் பேர். இங்கே சொன்னால் நாளைக்கு அங்கே போய்ச் சேரும். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, இவள் எழுதியதும் தெரியாது, யாரோ கேட்டார்கள், தலையை ஆட்டியிருப்பார் என்றுதான் அந்த நிமிஷம் அவள் நினைத்தாள்.

"நான்தான் சார் குடுத்தேன்" என்றாள் ஹில்டா.

விஜயகுமாரி அவளைத் திரும்பிப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். சார் கடிதத்தை மறுபடி ஒரு தடவை பார்த்தார். இப்போது இளக்கம் போய்விட்டது.

"மாட்டேன்னு காகிதத்துல எழுதிட்டு, கையில ஷீட்டைக் குடுத்திருக்கே. மாட்டினா காட்டறதுக்கு ஒரு லெட்டர். இத்தனை வருஷத்துல காப்பி அடிக்கிற பொண்ணுங்களை நிறைய பார்த்திருக்கேன், இவ்வளவு முன்யோசனை உள்ளவளைப் பார்த்ததில்லை" என்றார். கடிதத்தை நாலாக மடித்து அவள் ஷீட் மேல் வைத்தார். ஐந்து ஷீட்டிலும் சிவப்பு மை விழுந்தது. உப்பலுக்கு மூன்றாவது பெண் போனாள்.

பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருந்தார்கள். ஹில்டா உட்காரவில்லை. வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். விஜயகுமாரி ஏதோ சொல்ல வந்தாள், நக்கோ, வேண்டாம் என்று ஹில்டா ஒரு வார்த்தையில் நிறுத்திவிட்டாள்.

யேசுதாஸ் வழக்கம்போலக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். நெடி முதலில் வந்தது, பின்னால் அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, ஷீட் என்னாச்சு புள்ள, சார் அசந்துட்டாரா என்று கேட்டார். ஹில்டா சுருளை அவர் முன்னால் விரித்தாள். அவர் குனிந்து பார்த்தார். வளைகோட்டின் மேல் குறுக்காகச் சிவப்பில் பூஜ்யம். ஞானசௌந்தரி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். ஹில்டா ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊசித்துளையைச் சொன்னாள், தானே கொடுத்ததாகச் சொன்னதைச் சொன்னாள், சார் பேசியதையும் அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் ஏறவில்லை, அதுதான் அம்மாவுக்குக் கலக்கமாக இருந்தது.

யேசுதாஸ் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எல்லாப் படமும் காப்பி எடுக்கத்தான் போடுதாவ. எங்க ஆபீஸ்ல காப்பி எடுக்காத படம் குப்பைக்குப் போவும். நல்லா இருந்துச்சு, அதான் நாலு பேருக்குக் குடுப்போம்னு" என்றார். ஷீட்டின் மடங்கிய மூலையை நீவிக்கொண்டே, "வேணு வந்து வாசல்ல நிக்கும்போது நான் எப்பிடி புள்ள முடியாதுன்னு சொல்லுவேன்? அந்த மனுசன் இல்லன்னா நமக்கு இந்த ஊருல யாரு?" என்றார்.

ஹில்டா அவருக்காகவே ஒரு வழி வைத்திருந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தபோது அவருக்காகத் தேடிப் பிடித்து வைத்த வழி.

"நான் மாட்டேன்னு எழுதிக் குடுத்தது உங்களுக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்க."

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். அவள் மன்னித்துவிடுவாள், அம்மா சாப்பாடு போடுவாள். இத்தனை வருஷமாக யார் எதைச் சொன்னாலும் ஆமாம் என்று ஆட்டிய தலை அது. இப்போது அது ஆடவில்லை.

"தெரியும். வேணு அந்த லெட்டரக் காட்டுனாரு" என்றார். "படிச்சேன். நல்லா எழுதியிருந்த."

ஞானசௌந்தரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

"அப்போ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள் ஹில்டா. குரல் இப்போதுதான் உடைந்தது.

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றார் யேசுதாஸ்.

ஹில்டா குனிந்து ஷீட்டைச் சுருட்டினாள். ஞானசௌந்தரி உள்ளே போய், டீ போடுவதற்குக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள்.